பிடித்த 4,800 ரூபாய் எங்கே? 16ஏ கேட்டு எழுதும் மெயிலில் என்ன இருக்க வேண்டும்

48,000 ரூபாய்க்கு பில் போடுகிறீர்கள். வங்கியில் 43,200 வந்து சேர்கிறது. மீதி 4,800 எங்கே என்று கேட்டால், "டிடிஎஸ் பிடிச்சிருக்கோம்" என்கிறார்கள். சொந்தமாகத் தொழில் செய்யும் எல்லோருக்கும் பழகிப்போன பதில்தான். அந்த 4,800 உங்கள் பெயரில் அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் அந்தப் பதிலில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16ஏ கேட்கிறோம்.

பெரும்பாலானவர்கள் கேட்கும் விதத்தில் கேட்டால் அது வருவதில்லை. மதுரையில் கணக்கு வேலை பார்க்கும் என் மேசைக்கு ஜூன், ஜூலை மாதங்களில் இப்படிப்பட்ட மெயில்கள் வந்துகொண்டே இருக்கும். "தயவுசெய்து 16ஏ அனுப்பவும்" என்று ஒரு வரி, ஒரு வாரம் கழித்து அதே வரி, அப்புறம் கோபமாக இன்னொரு வரி. எதிர்முனையில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கு எந்த பில், எந்தக் காலாண்டு, என்ன சிக்கல் என்று எதுவும் தெரியாது. தேடிப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவார். கேட்பவர் முதலில் கோளாறு எந்த இடத்தில் என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தைச் சுட்டி எழுதினால் பதில் வரும்.

அதற்கு 16ஏ எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது நிறுவனம் தன் லெட்டர்பேடில் தட்டித் தரும் கடிதம் இல்லை. பணம் கொடுப்பவர் வரியைப் பிடிக்கிறார். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், மார்ச்சில் பிடித்ததாக இருந்தால் ஏப்ரல் 30க்குள், செலான் மூலம் கட்டுகிறார். காலாண்டு முடிந்ததும் 26க்யூ என்ற அறிக்கையைத் தாக்கல் செய்கிறார். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்ற விவரம் ஒவ்வொருவரின் பான் எண்ணோடு அதில்தான் இருக்கிறது. அந்த அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து 16ஏ-வை இறக்க முடியும். அதில் ஒரு சான்றிதழ் எண் இருக்கும். அந்த எண்ணும், வரி பிடிப்பதற்காக நிறுவனம் வாங்கியிருக்கும் டான் எண்ணும் இருந்தால், நீங்களே டிரேசஸில் நுழைந்து அது உண்மையானதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆக, இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் 16ஏ வராது. அக்கவுண்டன்ட் மனசு வைத்தாலும் அவரால் தர முடியாது. அது புரியாமல் அவரோடு சண்டை போடுவது வீண்.

தேதிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு 26க்யூ கெடு ஜூலை 31. அடுத்த இரண்டு காலாண்டுகளுக்கு அக்டோபர் 31, ஜனவரி 31. கடைசிக் காலாண்டுக்கு மட்டும் மே 31. ஒவ்வொரு கெடுவிலிருந்தும் 15 நாளுக்குள் 16ஏ தர வேண்டும் என்பது விதி. எனவே மார்ச் வரையிலான காலாண்டின் சான்றிதழை ஏப்ரல் முதல் வாரத்தில் கேட்பதில் பயனில்லை, அப்போது அறிக்கையே போயிருக்காது. ஜூன் இரண்டாவது வாரம் கேட்பதே பொருத்தம். அதேசமயம் செப்டம்பரில் முடிந்த காலாண்டின் சான்றிதழை நவம்பர் 15க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அடுத்த ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை. எட்டு மாதம் கழித்துக் கேட்டால், அந்த வேலையைப் பார்த்த ஆளே அங்கே இல்லாமல் போயிருக்கலாம்.

இனி ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். மதுரை புதூரில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். சென்னையில் இருக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு வரைபடங்கள் தயாரித்துக் கொடுக்கிறார். 2024–25 நிதியாண்டில் அந்த நிறுவனத்துக்கு அவர் போட்ட பில்கள் மூன்று: ஜூனில் 40,000, செப்டம்பரில் 48,000, ஜனவரியில் 60,000. பொறியியல் தொழில்முறைக் கட்டணம் என்பதால் 194ஜே பிரிவின்படி 10% பிடித்தம். அந்த ஆண்டு ஒருவருக்கு ஓராண்டில் கொடுக்கும் தொகை 30,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும் என்றிருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து அது 50,000 ஆனது. ஆக 4,000, 4,800, 6,000 என்று மொத்தம் 14,800 பிடித்தார்கள்.

எல்லா வாடிக்கையாளர்களிடமிருந்தும் சேர்த்து அவருக்கு அந்த ஆண்டு வந்த தொகை 9,60,000 என்று வைத்துக்கொள்வோம். 44ஏடிஏ பிரிவின்படி பாதியை வருமானமாகக் காட்டினால் 4,80,000. அந்த ஆண்டின் புதிய வரி முறையில் 3 லட்சத்துக்கு மேல் உள்ள 1,80,000க்கு 5% வீதம் 9,000 ரூபாய் வரி. வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அதுவும் போய்விடும். அதாவது அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்த 14,800 முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பி வர வேண்டிய பணம். இத்தனை சின்னத் தொகைக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். வருமானம் குறைவாக இருப்பவருக்குத்தான் டிடிஎஸ் பெரிய விஷயம். லாபத்தைப் பார்த்துப் பிடிப்பதில்லை, பில் தொகை முழுவதிலும் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவிடுகிறார்கள்.

மெயில் எழுத உட்காரும் முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வருமான வரித் தளத்தில் நுழைந்து e-File, Income Tax Returns, View Form 26AS என்று போனால், அவர் பான் எண்ணில் ஏறிய வரியையெல்லாம் காட்டும் 26ஏஎஸ் டிரேசஸ் வழியாகத் திறக்கும். அதில் நிறுவனத்தின் பெயர், டான் எண், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஒரு வரிசை. வரிசையில் தேதி, தொகை, பிடித்த வரி, கட்டிய வரி, அதோடு ஒரு எழுத்து. F என்றிருந்தால் கட்டிய பணமும் அறிக்கையும் பொருந்திவிட்டன, கவலை இல்லை. U என்றிருந்தால் அறிக்கை போயிருக்கிறது, ஆனால் அதில் குறிப்பிட்ட செலான் பொருந்தவில்லை. பணம் கட்டவில்லை அல்லது செலான் விவரத்தைத் தப்பாகத் தட்டியிருக்கிறார்கள். வரிசையே இல்லை என்றால் அறிக்கை தாக்கலாகவில்லை, அல்லது உங்கள் பெயர் அதில் விடுபட்டிருக்கிறது, அல்லது வேறு பான் எண்ணில் போய்விட்டது.

நம் இன்ஜினியர் ஜூன் இரண்டாம் வாரம் திறந்து பார்க்கிறார். 4,000 இருக்கிறது, F. 6,000 இருக்கிறது, F. நடுவில் 4,800 இல்லை. இப்போது அவர் எழுத வேண்டிய மெயில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பொருள்: 2024–25 ஜூலை–செப்டம்பர் காலாண்டு, டிடிஎஸ் ரூ. 4,800 என் 26ஏஎஸ்-இல் வரவில்லை

வணக்கம் சார்,

2024 செப்டம்பர் 12 தேதியிட்ட என் பில் ரூ. 48,000க்கு, செப்டம்பர் 27 அன்று ரூ. 43,200 என் வங்கிக் கணக்கில் வரவானது. மீதி ரூ. 4,800, 194ஜே பிரிவின்படி 10% டிடிஎஸ்ஸாகப் பிடிக்கப்பட்டது. இதை உறுதி செய்து இந்த மெயிலுக்கே ஒரு பதில் எழுதிவிடுங்கள்.

இன்று 26ஏஎஸ் பார்த்தேன். ஏப்ரல்–ஜூன் காலாண்டின் 4,000 ரூபாயும் ஜனவரி–மார்ச் காலாண்டின் 6,000 ரூபாயும் சரியாக ஏறியிருக்கின்றன. ஜூலை–செப்டம்பர் காலாண்டில் மட்டும் என் பெயரில் ஒன்றும் இல்லை. அந்தக் காலாண்டின் 26க்யூ எந்தத் தேதியில் தாக்கலானது, அதன் ஒப்புகை எண் என்ன, அதில் என் பான் எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? பான் கார்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

தவறு இருந்தால் திருத்த அறிக்கை தாக்கல் செய்துவிட்டு, மூன்று காலாண்டுகளுக்கும் டிரேசஸில் இறக்கிய 16ஏ அனுப்பி வையுங்கள். ரிட்டர்ன் போடும் முன் இது முடிந்தால் எனக்கு உதவியாக இருக்கும். பில், வங்கிக் கணக்கு விவரம், 26ஏஎஸ் மூன்றின் நகலும் இணைப்பில் உள்ளன.

நன்றி.

இந்த மெயிலில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஆனால் அக்கவுண்ட்ஸ்காரர் தேட வேண்டிய எல்லாவற்றையும் இவரே தேடிக் கொடுத்துவிட்டார். இரண்டு காலாண்டுகள் சரியாக இருக்கின்றன என்று முதலில் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. தேட வேண்டிய பரப்பை அது மூன்று மாதமாகச் சுருக்கிவிடுகிறது.

இதற்கு வழக்கமாக வரும் முதல் பதில்: "நாங்க கட்டியாச்சு மேடம், செலான் காப்பி அனுப்புறேன்." செலானும் வரும். அதைப் பார்த்து நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இங்கேதான் நான் ஒவ்வொருவரிடமும் அழுத்திச் சொல்வது: செலானில் உங்கள் பெயர் இல்லை. நிறுவனத்தின் டான் எண்ணும் மொத்தத் தொகையும் மட்டுமே இருக்கும். அந்த மாதம் பத்துப் பேரிடம் பிடித்ததைச் சேர்த்து ஒரே செலானில் கட்டியிருப்பார்கள். அந்த மொத்தத்தில் இன்னாருக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது 26க்யூ மட்டும்தான். அதனால்தான் மெயிலில் செலானைக் கேட்காமல், ஒப்புகை எண்ணையும் பான் பதிவையும் கேட்டோம்.

ஒப்புகை எண் வந்துவிட்டால் அறிக்கை போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது மிச்சம் இருப்பது இரண்டே வாய்ப்பு, ஒன்று பெயர் விடுபட்டது, மற்றொன்று பான் தவறு. நம் இன்ஜினியர் விஷயத்தில் பான் தவறு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலாண்டில் புதிதாக வந்த ஆள் எக்செல்லில் விவரங்களை மறுபடி தட்டும்போது நடு எண்கள் இரண்டு இடம் மாறிவிட்டன. மாறிய எண் யாருக்கும் இல்லாத பான் என்றால், துறையே நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பும். பான் இல்லாதவருக்கு 20% பிடிக்க வேண்டும் என்று 206ஏஏ பிரிவு சொல்வதால், குறைவாகப் பிடித்ததாகக் கணக்கு வந்துவிடும். அதனால் நிறுவனமே அவசரமாகத் திருத்தும். அந்த எண் வேறொருவரின் செல்லுபடியாகும் பான் என்றால்தான் ஆபத்து. யாருக்கும் நோட்டீஸ் வராது. எங்கோ முகம் தெரியாத ஒருவரின் 26ஏஎஸ்-இல் 4,800 உட்கார்ந்திருக்கும். உரிய ஆள் கேட்காத வரை அது வெளியே தெரிய வழியே இல்லை.

திருத்தம் செய்வது நிறுவனத்துக்குப் பெரிய வேலை இல்லை. டிரேசஸிலிருந்து ஏற்கெனவே தாக்கலான விவரங்கள் அடங்கிய அந்தக் காலாண்டின் கான்சோ ஃபைலை இறக்கி, பான் எண்ணை மாற்றி, திருத்த அறிக்கையாகத் தாக்கல் செய்ய வேண்டும். புதிதாக வரி கட்ட வேண்டியதில்லை. அது ஏற்கப்பட்டதும் 26ஏஎஸ்-இல் வரிசை ஏறும், 16ஏ-வும் இறங்கும்.

மெயிலின் முதல் பத்தியில் பிடித்தத்தை உறுதி செய்து பதில் எழுதுங்கள் என்று கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நிறுவனம் பிடித்த வரியைக் கட்டவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடித்துப்போன நிறுவனங்களில் இது நடக்கிறது. அப்போது 16ஏ ஒருபோதும் வராது. நீங்கள் ரிட்டர்னில் 4,800 கேட்டால், 26ஏஎஸ்-இல் இல்லை என்று, ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் துறையின் பெங்களூரு மையம் அதைச் சேர்க்காது. உங்களுக்கு வரி பாக்கி இருந்தால் அந்த அளவுக்கு டிமாண்டும் வரும். ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. ஒருவரிடமிருந்து வரி பிடித்தாகிவிட்டால், பிடித்த அளவுக்கு அவரிடமே மறுபடி வசூலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இப்படிப்பட்ட பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியமும் 2015இல் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. அதைப் பயன்படுத்த, வரி பிடிக்கப்பட்டது என்று நீங்கள் காட்ட வேண்டும். பில்லும் வங்கிக் கணக்கும் பாதி ஆதாரம். 4,800 குறைவாக வந்தது என்று அவை காட்டும், ஏன் குறைந்தது என்று காட்டாது. "ஆமாம், டிடிஎஸ் பிடித்தோம்" என்று நிறுவனமே எழுதிய ஒரு வரி மீதிப் பாதி. போனில் சொன்னது இதற்கு உதவாது. நிறுவனம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வரியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இதிலும் ஓர் எல்லை உண்டு. 205ஆம் பிரிவு உங்களிடம் வசூலிப்பதைத் தடுக்கும், ஆனால் கட்டப்படாத வரியை ரீஃபண்டாகப் பெறுவது அவ்வளவு சுலபம் இல்லை.

உள்ளூரில் இன்னொரு சங்கதியும் நடக்கிறது. மதுரையில் தனி ஆளாகக் கடை நடத்துபவர்கள் சிலர் 10% கழித்துக்கொண்டு "டிடிஎஸ்" என்கிறார்கள். தனிநபராகத் தொழில் நடத்துபவர், முந்தைய ஆண்டு விற்பனை 1 கோடியைத் தாண்டாதவராக இருந்தால், 194ஜே-யின்படி பிடிக்க வேண்டிய கட்டாயமே அவருக்கு இல்லை. அவரிடம் டான் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது வரி இல்லை, உங்களுக்கு வர வேண்டிய பாக்கிப் பணம். அவருக்கு 16ஏ கேட்டு மெயில் எழுத வேண்டாம், மீதித் தொகையைக் கேட்டு எழுதுங்கள்.

மெயிலுக்குப் பதிலே இல்லாவிட்டால் என்ன செய்வது? இரண்டு வாரம் விட்டு, அதே மெயிலின் தொடர்ச்சியாக, நிறுவனத்தின் ஆடிட்டரையும் சேர்த்து எழுதச் சொல்வேன். 26க்யூ-வைத் தாக்கல் செய்வது பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகம்தான், பிழையை நேராகத் திருத்தக்கூடியவரும் அவரே. அந்த மெயிலில் சட்டத்தை ஒரே வாக்கியத்தில், நிறுவனத்தின் நலன் கருதிச் சொல்வதுபோல் சேர்க்கலாம். 26க்யூ தாமதமானால் 234இ பிரிவின்படி நாளுக்கு 200 ரூபாய், 16ஏ தராவிட்டால் 272ஏ பிரிவின்படி நாளுக்கு 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. இரண்டுமே சம்பந்தப்பட்ட வரித் தொகையைத் தாண்டாது. பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5% வட்டி. அடுத்த வேலை போய்விடுமோ என்று பயந்து இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். நான் பார்த்த வரையில், எண்களோடும் ஆதாரங்களோடும் எழுதியவரை எந்த நல்ல நிறுவனமும் இதற்காக ஒதுக்கியதில்லை.

அதற்கும் அசையாவிட்டால் புகார்தான். நம் ஊர்க்காரர்கள் உடனே பீபீகுளம் வருமான வரி அலுவலகத்துக்குக் கிளம்புகிறார்கள். ஆனால் வரி பிடித்தவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரி யார் என்பதை முடிவு செய்வது நிறுவனத்தின் டான் எண். நிறுவனம் சென்னையில் இருந்தால் அங்குள்ள டிடிஎஸ் பிரிவு அதிகாரிக்குத்தான் அது போக வேண்டும். வருமான வரித் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் புகார் பதிவு செய்யும்போது, அந்த டான் எண்ணையும் காலாண்டையும் மெயில் போக்குவரத்தின் நகலையும் சேருங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. அந்தத் தேதிக்குப் பிந்தைய பிடித்தங்களுக்கு நான் இங்கே சொன்ன பிரிவு எண்கள் மாறும். எனவே மெயிலில் பிரிவு எண் எழுதும் முன், பிடித்தம் எந்த நிதியாண்டு என்று பாருங்கள். பிடித்துக் கட்டி அறிக்கை போட்ட பிறகே சான்றிதழ் என்ற வரிசை அப்படியேதான்.

ரிட்டர்ன் கெடு வந்தும் திருத்தம் நடக்கவில்லை என்றால் ரிட்டர்னை நிறுத்தி வைக்காதீர்கள். 26ஏஎஸ்-இல் ஏறிய 10,000 ரூபாயை மட்டும் கேட்டு நம் இன்ஜினியர் தாக்கல் செய்துவிடலாம், ஆனால் வருமானத்தில் 48,000 முழுவதையும் காட்ட வேண்டும், 43,200ஐ அல்ல. அந்த ஆண்டின் ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. அதற்குள் நிறுவனம் பான் எண்ணைச் சரிசெய்து 4,800 ஏறிவிட்டால், திருத்திய ரிட்டர்னில் அதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். நிறுவனத்திடம் கெடு சொல்லும்போது இந்த டிசம்பர் தேதியைச் சொல்லாதீர்கள். செப்டம்பர் என்று சொல்லுங்கள். திருத்த அறிக்கை ஒருமுறை நிராகரிக்கப்பட்டாலும் மறுபடி போட அப்போதுதான் நாள் இருக்கும்.